கன்னி மூலை ஏன் இறங்கியது: ஓராண்டு அளவும் ஒன்பது குழிகளும்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. தாத்தா 1961-ல் கட்டிய வீடு. கருங்கல் கடைக்கால், சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, தென்மேற்கு மூலையில், ஊரில் கன்னி மூலை என்று சொல்லும் அந்த இடத்தில், போன வருஷம் பூசி மறைத்த விரிசல் மறுபடியும் வாய் திறந்திருந்தது. இந்த முறை என் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது.

பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குளியலறைத் தண்ணீர் இறங்குகிறது, வேப்பமரம் வேர் விட்டுத் தூக்குகிறது, கடைக்கால் செத்துவிட்டது, இப்படி. ஒரு ஒப்பந்தக்காரர் வந்து கால் மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, நாலடிக்கு ஒரு துளை போட்டு சிமென்ட் பால் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று விலையும் சொல்லிவிட்டார். மூலை ஏன் இறங்குகிறது என்பதை அவர் கேட்கவே இல்லை. அது தெரியாமல் பணத்தை மண்ணுக்குள் ஊற்ற எனக்கு மனமில்லை. பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் போனேன். "ஒரு வருஷம் பொறுக்க முடியுமா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

விரிசலைப் படிப்பது

முதலில் விரிசலின் வடிவத்தைப் பார்த்தோம். மேற்குச் சுவரில், மூலையிலிருந்து ஒன்பது அடி தள்ளி, பேஸ்மட்டத்துக்குப் பக்கத்தில் மயிரிழையாகத் தொடங்குகிறது. மூலையை நோக்கிச் சாய்வாக ஏறி ஜன்னலின் கீழ் முனையைத் தொடுகிறது. ஜன்னலின் எதிர்ப்பக்க மேல் முனையிலிருந்து மறுபடி கிளம்பி, மூலைக்கு மூன்றடி இப்பால் கைப்பிடிச் சுவர் வரை போகிறது. கீழே தாள் நுழையாத அகலம், மேலே 9 மி.மீ.

பொறியாளர் ஒரு சின்ன வழி காட்டினார். சாய்வான விரிசலுக்குக் குறுக்கே, அதற்குச் செங்கோணத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் கீழ்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் இறங்கியிருக்கிறது. எங்கள் சுவரில் அது நேராகக் கன்னி மூலையைக் காட்டியது. தெற்குச் சுவரிலும் அப்படியே. மேலே அகன்று கீழே ஒடுங்கியிருப்பதற்கு, மூலை இறங்குவதோடு வெளிப்பக்கமாகவும் சாய்கிறது என்று பொருள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். பத்தடி உயரத்தில் 14 மி.மீ. வெளியே தள்ளியிருந்தது.

ஆனால் விரிசல் சொல்வது எந்தப் பக்கம் இறங்கியது என்பதை மட்டும்தான். ஏன் இறங்கியது என்பதையும், இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் அது சொல்லாது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இறங்கி நின்றுபோன மூலையும், இன்றைக்கும் இறங்கும் மூலையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்குத்தான் அளவு வேண்டும்.

தண்ணீர் டியூபும் கிணற்று மேடையும்

அளப்பதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூபே போதும். ஐம்பது அடி நீளத்தில் கண்ணாடி போன்ற டியூப் வாங்கி, தண்ணீரில் கொஞ்சம் துணி நீலம் கலந்து நிரப்பினேன். குமிழி ஒன்று உள்ளே இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். அதனால் முழு டியூபையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் தொடங்குவேன். வெயில் பட்டால் ஒரு பக்கத் தண்ணீர் மட்டும் சூடாகும் என்பதால் விடிகாலையில் மட்டும் அளந்தேன். ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு முறை அளந்து, இரண்டுக்கும் நடுவே 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி தொடங்கினேன்.

எதோடு ஒப்பிட்டு அளப்பது என்பதுதான் சிக்கல். கரிசல் மண்ணில் முற்றமும் ஏறி இறங்கும், காம்பவுண்டுச் சுவரும் ஏறி இறங்கும். நல்ல வேளையாக எங்கள் கிணற்றின் கல்கட்டு, கரிசலைத் தாண்டிக் கீழே பாறையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மேடையில் ஒரு எஃகு ஆணியை அடித்து அதை நிலையான புள்ளியாக வைத்துக்கொண்டேன். வீட்டின் நான்கு மூலையிலும் பேஸ்மட்டத்துக்கு மேலே ஆளுக்கொரு ஆணி. விரிசலின் இரு பக்கமும் இரண்டு சின்னத் திருகாணிகள் பதித்து, அவற்றுக்கு நடுவே வெர்னியர் அளவுகோலால் மாதாமாதம் அளந்தேன். விரிசல் மேல் கண்ணாடித் துண்டு ஒட்டும் பழைய முறையையும் செய்தேன். ஆனால் கண்ணாடி உடைந்தால் சுவர் அசைந்தது என்பது மட்டும் தெரியும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரியாது. திருகாணிதான் பயன்பட்டது.

முதல் நாளே ஒரு விஷயம் தெரிந்தது. பேஸ்மட்டத்தின் மேல் வரிச் செங்கல் கட்டும்போது மட்டமாகத்தான் வைத்திருப்பார்கள். அதைச் சுற்றி அளந்ததில், மற்ற மூன்று மூலைகளும் 6 மி.மீ.க்குள் ஒன்றாக இருந்தன. கன்னி மூலை மட்டும் 38 மி.மீ. தாழ்ந்திருந்தது. அறுபது வருஷத்துக் கணக்கு அது.

தண்ணீர்க் குழாய் மேல் வந்த சந்தேகம்

குளியலறை அந்த மூலையில்தான் இருக்கிறது. அதனால் முதலில் கழிவுநீர்க் குழாயைச் சோதித்தோம். வெளியே இருக்கும் தொட்டியில், குழாய் வந்து சேரும் வாயைச் சாக்கில் களிமண் கட்டி அடைத்துவிட்டு, குளியலறைத் துளையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குழாயை முழுக்க நிரப்பினோம். ஒழுகாத குழாயில் மட்டம் அப்படியே நிற்க வேண்டும். எங்களுடையதில் இருபது நிமிஷத்தில் ஒரு சாண் இறங்கிவிட்டது.

சரி, காரணம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மார்ச் மாதம் தோண்டினோம். பழைய மண் குழாய். இரண்டு குழாய்கள் சேரும் கழுத்தில் இருந்த சிமென்ட் உதிர்ந்து, அந்த இடைவெளி வழியாக வேப்ப வேர் உள்ளே போய், குழாய்க்குள் ஒரு முழம் நீளத்துக்கு நார்ச் சடை மாதிரி வளர்ந்திருந்தது. கையில் எடுத்தபோது பிழிந்த துணி மாதிரி தண்ணீர் சொட்டியது. குழாயை எடுத்துவிட்டு நாலு அங்குல பி.வி.சி. குழாய் போட்டு, அதே அடைப்புச் சோதனையைத் திரும்பச் செய்தோம். ஒரு மணி நேரம் மட்டம் அசையவில்லை.

அந்தக் கோடையில்தான் மூலை வேகமாக இறங்கியது.

பிப்ரவரி அளவைச் சுழியம் என்று வைத்தால், மே கடைசியில் 4 மி.மீ. கீழே. ஆகஸ்ட் கடைசியில் 7. செப்டம்பர் நடுவில் 9. அதே நேரத்தில் விரிசல் மேலே 9-லிருந்து 11 மி.மீ. ஆனது. ஐப்பசி மழை தொடங்கியதும் மூலை மெல்ல ஏறத் தொடங்கியது. டிசம்பர் நடுவில் பார்த்தால் 3 மி.மீ. கீழே மட்டும்தான். எதிர் மூலையான வடகிழக்கு மூலையும் கோடையில் 2 மி.மீ. இறங்கியது, மழையில் முழுதாகத் திரும்பி வந்தது. நம் மூலை முழுதாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மிச்சம் விழுகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

இந்த வரிசையை வைத்துப் பொறியாளர் விளக்கியதுதான் எனக்கு முழு விஷயத்தையும் புரியவைத்தது. ஒழுகும் தண்ணீரால் மண் இளகி மூலை இறங்குவதாக இருந்தால், ஒழுக்கை அடைத்த பிறகு இறக்கம் நிற்க வேண்டும், மழைக்காலத்தில் அதிகமாக வேண்டும். தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தால், இறக்கத்துக்குப் பருவம் எதுவும் இருக்காது, ஏறவும் செய்யாது. காய்ந்தால் இறங்கி நனைந்தால் ஏறுகிறது என்றால், அது மண்ணே சுருங்கி விரிவது. கரிசலின் குணம் அது. மேற்கு வெயிலும், மூலையிலிருந்து பதினாலு அடியில் நிற்கும் வேப்பமரமும் சேர்ந்து அந்த மூலையின் அடி மண்ணை மற்ற இடங்களைவிட அதிகமாகக் காயவைக்கின்றன. ஒழுகிய குழாய் இத்தனை நாளும் மரத்துக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதை அடைத்ததும் மரம் கடைக்காலுக்கு அடியில் இருந்த ஈரத்தைத் தேடிப் போனது. குழாயை அடைத்தது தப்பில்லை, அதை அடைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அது மட்டும் மருந்தில்லை.

சோதனைக் குழி

அளவு சொன்னதைக் கண்ணால் பார்க்க, செப்டம்பரில், மூலை மிகவும் தாழ்ந்திருந்த நேரத்தில், சுவரை ஒட்டி மூன்றரை அடிக்கு மூன்றடி குழி ஒன்று தோண்டினோம். பலகை வைத்து முட்டுக் கொடுத்துத்தான் நாலடிக்குக் கீழே ஆளை இறக்கினோம். காய்ந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்தப் பாளம் எந்த நேரமும் முழுசாக உள்ளே சரியும்.

கடைக்கால் மூன்றேகால் அடியில் முடிந்தது. வெளிப்பக்கக் கற்களில் சுண்ணாம்பு இருந்தது, உள்ளே வெறும் மண் சாந்து. கடைசிக் கல்லின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. என் எஃகு அளவுகோல் தடையில்லாமல் ஏழு அங்குலம் உள்ளே போனது. அந்த இடத்தில் சுவர் மண்ணில் உட்காரவே இல்லை. இரு பக்கத்துக் கற்களைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குக் கீழே ஐந்தரை அடி வரை சுத்தக் கரிசல், அதில் பென்சில் தடிமனில் வேப்ப வேர்கள். அப்புறம் வெள்ளைச் சுக்கான் கட்டிகள் கலந்த கரிசல். ஏழரை அடியில் மண் மஞ்சள் கலந்த வெள்ளையாக மாறியது. கடப்பாரை போட்டால் டங்கென்று திரும்பி வந்தது. எட்டடியில் கடப்பாரை முனை மழுங்கியது. கெட்டியான சுக்கான் சரளை அது.

வடகிழக்கு மூலையிலும் ஒரு சின்னக் குழி போட்டு, இரண்டு குழியிலும் நாலடி ஆழத்து மண்ணை எடுத்து வந்தோம். கையில் வைத்து உருட்டியபோது வடகிழக்கு மண் நூல் மாதிரி நீண்டது. மரத்தடி மண் உருளவே இல்லை, பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரே ஆழம், ஒரே மண், ஈரம் மட்டும் வேறு.

மண் எவ்வளவு விரியும் என்று பார்க்க வீட்டுத் திண்ணையிலேயே ஒரு சோதனை செய்யலாம். உலர்த்திப் பொடித்து நுண் சல்லடையில் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குடுவையில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் நூறு மில்லி வரை ஊற்றி, கிளறிவிட்டு ஒரு நாள் விட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் விரியாது, தண்ணீரில் விரியும். எங்களுக்கு மண்ணெண்ணெயில் 11 மில்லி, தண்ணீரில் 20 மில்லி நின்றது. வித்தியாசமான ஒன்பதைப் பதினொன்றால் வகுத்தால் ஏறக்குறைய 82 சதவீதம். ஐம்பதைத் தாண்டினாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டிய மண் என்பது கணக்கு.

சிமென்ட் பால் ஏன் வேண்டாம் என்றோம்

இதற்குப் பிறகு ஒப்பந்தக்காரர் சொன்ன வழியை யோசித்துப் பார்த்தால் அது எங்கே தவறுகிறது என்று புரியும். சிமென்ட் பால் ஏற்றுவது என்றால், மண்ணில் இருக்கும் வெற்றிடங்களுக்குள் சிமென்ட் போய் உறைய வேண்டும். களிமண்ணின் துகள்களுக்கு நடுவே இருக்கும் துளைகள் சிமென்ட் துகளைவிடப் பல மடங்கு சிறியவை. எவ்வளவு அழுத்தினாலும் அது மண்ணுக்குள் ஊறாது. போவதெல்லாம் கோடையில் வெடித்திருக்கும் பிளவுகளுக்குள்தான். பார்க்கும்போது நிறையப் போவது மாதிரித் தெரியும், மூட்டைக் கணக்கும் ஏறும். மழை பெய்ததும் களி விரியும். விரிவதற்கு இருந்த இடத்தில் சிமென்ட் உறைந்து நிற்பதால், அது கடைக்காலையும் தரையையும் மேலே தள்ளும். அடுத்த கோடையில் சிமென்டுக்குப் பக்கத்தில் புதிய பிளவு விடும். மண்ணின் குணம் மாறவில்லை. மரமும் மாறவில்லை.

இதே முறை வேறு மண்ணில் சரியானது என்பதையும் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் மணல் நிலத்தில் இருக்கும் என் அத்தை மகன் வீட்டில் ஒரு மூலை இறங்கியது. அங்கே உடைந்த குழாய்த் தண்ணீர் மணலை அரித்துக் கொண்டுபோயிருந்தது. தரையில் கம்பியை அடித்துப் பார்த்தபோது, மூன்றடியில் தடையே இல்லாமல் ஒரு முழம் சட்டென்று இறங்கியது. அது பொந்து. மழைக்கும் வெயிலுக்கும் அந்த மூலை அசையவில்லை, ஏறவும் இல்லை. குழாயை மாற்றிவிட்டு, கெட்டியான சிமென்ட்-மணல் குழம்பை, டியூப் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, அழுத்தம் குறைவாக ஏற்றினார்கள். ஆணி ஒரு மி.மீ. உயர்ந்ததும் நிறுத்தினார்கள். அது அப்படியே நிற்கிறது. பொந்தை நிரப்ப அது நல்ல முறை. விரிந்து சுருங்கும் களியில் நிரப்புவதற்கு நிலையான பொந்தே கிடையாது.

எங்களுக்கு வழி ஒன்றுதான்: கடைக்காலை, கரிசலின் ஈரம் மாறும் ஆழத்தைத் தாண்டி, எட்டடியில் இருக்கும் சரளை மேல் உட்கார வைப்பது. அது எட்டும் ஆழத்தில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். சரளை பதினைந்து அடியில் இருந்திருந்தால் இப்படிக் குழி தோண்டும் முறை ஆகாது, குத்துத்தூண் மாதிரி வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும்.

மரத்தை வெட்டினால் என்ன என்று கேட்பீர்கள். பணம் குறைந்த வழி அதுதான், நாங்களும் யோசித்தோம். வீட்டைவிட மரம் மூத்ததாக இருந்தால் வெட்டுவது ஆபத்து, காய்ந்த நிலையில் கட்டிய கடைக்காலை நனைந்த மண் தூக்கிவிடும். எங்கள் மரம் வீட்டுக்கு இருபத்தைந்து வருஷம் இளையது, அதனால் அந்தப் பயம் குறைவு. ஆனாலும் வெட்டிய பிறகு மண் ஈரம் திரும்பச் சில வருஷங்கள் ஆகும், அதுவரை சுவர் அசையும். கல்லுக்கு அடியில் ஏழு அங்குலம் உள்ளே போன இடைவெளியைப் பார்த்த பிறகு அதற்குக் காத்திருக்க மனம் வரவில்லை. அம்மாவும், "அந்த மரத்து நிழல்லதான் நான் நாலு பேரையும் வளத்தேன், அதுல கை வைக்காதே" என்று சொல்லிவிட்டாள். மூன்றில் ஒரு பங்கு கிளையை மட்டும் கழித்தோம். இலை குறைந்தால் மரம் இழுக்கும் தண்ணீரும் குறையும்.

ஒன்பது குழிகள்

பிப்ரவரியில் வேலையை எடுத்தோம். மழை ஓய்ந்து மண்ணில் தண்ணீர் இல்லை, அதே நேரம் கோடை மாதிரிப் பாளம் விடவும் இல்லை. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தோம். மூலையை இரு பக்கமும் சவுக்கு மரத்தால் சாய்முட்டுக் கொடுத்தோம்.

மேற்குச் சுவரில் பதினைந்து அடி, தெற்குச் சுவரில் பன்னிரண்டு அடி. அதை மூன்றடி மூன்றடியாக ஒன்பது பங்காகப் பிரித்துச் சுவரிலேயே சுண்ணாம்பால் எண் போட்டோம். வரிசையாகத் தோண்டக் கூடாது. ஒன்று, நான்கு, ஏழு முதலில். அவை இறுகிய பிறகு இரண்டு, ஐந்து, எட்டு. கடைசியாக மூன்று, ஆறு, ஒன்பது. ஒரு நேரத்தில் இரண்டு குழிக்கு மேல் திறக்கவில்லை. குழி திறந்திருக்கும் மூன்றடிச் சுவரை இரு பக்கத்து மண்ணோ புதிய கான்கிரீட்டோ தாங்கும். பக்கத்துப் பக்கத்துக் குழிகளைத் திறந்தால் ஆறடிச் சுவர் காற்றில் நிற்கும், மண் சாந்துக் கல் அதைத் தாங்காது.

ஆழத்தையும் ஒரே அளவாக வைக்கவில்லை. நடுவில் இருக்கும் ஐந்து குழிகள் எட்டடி, அவற்றுக்கு இரு பக்கமும் ஏழடி, இரு கடைசிக் குழிகள் ஆறடி. ஒரு பக்கம் சரளை மேல் அசையாமல் நிற்க, அடுத்த அடியிலேயே மற்ற சுவர் கரிசலோடு ஏறி இறங்கினால், இரண்டும் சேரும் இடத்தில் புதிய விரிசல் வரும். படி வைத்து இறக்கினால் அந்த மாற்றம் கொஞ்சம் பரவும்.

நான்காவது குழியில்தான் பயந்தோம். அடி மண்ணை எடுத்ததும் கடைக்காலின் கீழ் வரிசைக் கல் ஒன்று, தலை அளவு இருக்கும், சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. கொத்தனார் காலை இழுத்துக்கொண்டார். அவர் அப்போது கல்லுக்கு நேர் கீழே இல்லை, குழியின் ஓரத்தில் இருந்தார். "தம்பி, இனி முதல்ல பக்கக் கல்லுக்குச் சாந்து அடைச்சிட்டுத்தான் அடி மண்ணை எடுக்கணும்" என்றார். அன்று வேலையை நிறுத்தினோம். அடுத்த குழிகளில் முதலில் கடைக்காலின் பக்க வாட்டத்தைச் சுரண்டிச் சிமென்ட் சாந்து அடைத்து இரண்டு நாள் விட்டோம். பிறகு அடி மண்ணைப் பாதி மட்டும் எடுத்து, அங்கே ஒரு இரும்புத் தகட்டைக் கல்லோடு ஒட்டிப் பிடித்து ஜாக்கி முட்டுக் கொடுத்து, அதன்பின் மீதியை எடுத்தோம். ஜாக்கியைக் கான்கிரீட் போடும்போது கழற்ற வேண்டும் என்பதால் தகட்டுக்கு அடியில் கான்கிரீட் கட்டைகளை வைத்து அதன் மேல் சுமையை மாற்றினோம், அவை உள்ளேயே இருந்துவிட்டன.

குழியின் அடியைத் துடைத்து, சரளையைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, பொறியாளர் வந்து பார்த்துச் சரி என்ற பிறகே கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவை. ஆழமான ஒரு குழிக்கு ஏறக்குறைய எட்டு மூட்டை சிமென்ட், எல்லாம் சேர்த்து அறுபது மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. களி தொடும் பக்கங்களில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை வைத்தோம். மண் விரியும்போது கான்கிரீட்டைப் பிடித்துத் தூக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக.

கான்கிரீட்டைப் பழைய கடைக்காலைத் தொடும் வரை போடக் கூடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். தொட்டு நின்ற இடத்தில் மயிரிழை இடைவெளி வரும், அந்த அளவுக்குச் சுவர் இறங்கித்தான் அதன் மேல் உட்காரும். அதனால் மேலே மூன்று அங்குலம் விட்டு நிறுத்தினோம். இரண்டு நாள் கழித்து, ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், ஆனால் ஈரம் கசியாத அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்த கலவையை அந்த இடைவெளியில் திணித்தோம். கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்து, உள்ளிருந்து வெளியே வர வர அடுக்காக. கொத்தனார் ஒவ்வொரு அடுக்கையும் கட்டை திரும்பித் துள்ளும் வரை அடித்தார். ஒரு குழியின் இந்த மூன்று அங்குலத்துக்கே அரை நாள் போனது. சுவரின் சுமை புதிய கான்கிரீட்டுக்குப் போவது இந்த மூன்று அங்குலம் வழியாகத்தான். அடுத்த குழியைத் திறக்க இது இறுகி மூன்று நாள் ஆக வேண்டும்.

ஒன்பது குழியும் முடிய ஏழு வாரம் ஆயிற்று. வெளிப்பக்கப் பள்ளத்தைக் கரிசலால் மூடாமல், சரளை மண் கொண்டுவந்து நனைத்து இடித்து நிரப்பினோம். அதன் மேல் சுவரிலிருந்து வெளியே வாட்டம் கொடுத்து நாலடி அகலத்துக்குத் தளம் போட்டோம்.

அதற்குப் பிறகு

மூலையை மேலே தூக்க நாங்கள் முயலவில்லை. பழைய தாழ்வு அப்படியே இருக்கிறது, இந்த வேலை இறக்கத்தை நிறுத்தத்தான். விரிசலையும் உடனே அடைக்கவில்லை. ஒரு கோடையும் ஒரு மழையும் கடக்கட்டும் என்று திருகாணிகளோடு விட்டுவைத்தேன். கடந்த செப்டம்பரில் கன்னி மூலை அரை மி.மீ. கூட இறங்கவில்லை. வடகிழக்கு மூலை வழக்கம்போல 2 மி.மீ. இறங்கியது. விரிசல் 10 மி.மீ.யிலேயே நின்றது. தை பிறந்ததும் விரிசலைச் சுரண்டி, மூன்று வரிக்கு ஒரு இடமாகச் செங்கல் இணைப்பைக் கீறி எட்டு மி.மீ. துருப்பிடிக்காத கம்பி வைத்து, சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தோம். சிமென்ட் சாந்து இந்தப் பழைய செங்கல்லைவிடக் கெட்டியாகிப் பக்கத்தில் வேறு விரிசல் போடும் என்பதால் அதை எடுக்கவில்லை.

மேற்குச் சுவரில் ஒன்றாம் குழி முடியும் இடத்துக்கு மேலே மயிரிழையாக ஒரு கோடு வந்திருக்கிறது. படி வைத்தும் அந்த இடம் கொஞ்சம் அசைகிறது. அதன் இரு பக்கமும் புதிதாக இரண்டு திருகாணி பதித்திருக்கிறேன். இதுவரை 0.3 மி.மீ.